‘வந்துருவாருங்க’ என்று சொல்லும் முன்: கோவை மருத்துவமனைகளின் வரவேற்பு மேசையினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை மருத்துவமனைகளின் வரவேற்பு மேசைகளில் தொலைபேசியை எடுத்துப் பேசும் பணியாளர்களுக்கு,

உங்கள் மேசைக்கு வரும் அழைப்புகள் மாநகருக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் இலர். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களிலிருந்தும், மலைமேல் வால்பாறை, கோத்தகிரி, கூடலூரிலிருந்தும், கணவாயைத் தாண்டிப் பாலக்காட்டிலிருந்தும் மக்கள் சிகிச்சைக்குக் கோவையை நாடுவதால், ‘டாக்டர் இன்னைக்கு இருப்பாருங்களா?’ என்ற கேள்விக்கு நீங்கள் அளிக்கும் பதிலே, கேட்டவர் ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறது. வால்பாறையிலிருந்து புறப்படும் நோயாளி 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஆழியாறும் பொள்ளாச்சியும் கடந்து உங்கள் வாசலுக்கு வந்த பிறகு, மருத்துவர் அன்று அறுவை அரங்கில் இருப்பதால் புறநோயாளிகளைப் பார்க்கமாட்டார் என்று அறிந்தால், அந்த நாள் வீணானது வாசலில் அன்று, முந்தைய மாலை தொலைபேசியிலேயே வீணாகிவிட்டது.

உங்கள்மீது சொல்லப்படும் குறை மரியாதைக் குறைவு அன்று. அதைத் தெளிவாகக் கூறுவதே நேர்மை. பேச்சில் ‘ங்க’ சேர்க்காமல் ஒரு வாக்கியத்தையும் முடிக்காத மண்ணில், எடுத்தெறிந்து பேசும் வரவேற்பு மேசை அரிது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மறுத்துச் சொல்வது மரியாதை அன்று என்று பழகிய நாக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசி, ‘பாக்கலாங்க’, ‘வந்துருவாருங்க’, ‘சொல்லிடறேனுங்க’ என்று மென்மையாக முடித்துவிடுகிறது. நேரில் பேசும்போது முகக்குறியும் தயக்கமும் அந்தச் சொற்களின் உறுதியின்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். தொலைபேசியிலோ முகம் இல்லாமையால், ‘வந்துருவாருங்க’ என்பது உறுதிமொழியாகவே காதில் விழுகிறது. ஆகவே தொலைபேசிக்குரிய மரியாதை என்பது குரலின் இனிமையோடு முடிவதன்று. அழைத்தவர் தமக்கு என்ன தெரிந்தது, எது தெரியவில்லை, அடுத்து யார் எப்போது என்ன செய்வார் என்ற மூன்றையும் அறிந்துகொண்டு பேச்சை முடிப்பதே அந்த மரியாதை. பின்வருவன அனைத்தும் இந்த ஒன்றின் விரிவே.

முதலில் வாழ்த்துரை. பல மேசைகளில் இன்னும் ‘ஹலோ’ என்ற ஒற்றைச் சொல்லோடு அழைப்பு எடுக்கப்படுகிறது. 1877-இல் தாமஸ் எடிசன் அச்சொல்லைத் தொலைபேசிக்குப் பரிந்துரைத்தபோது, மறுமுனையில் இருப்பவரைச் சற்றுத் தொலைவிலிருந்தும் கருவியருகே கூப்பிட அது உதவும், தனியாக மணி தேவைப்படாது என்பதே அவர் எண்ணம். மணி அடித்து, ஆளும் எடுத்துவிட்ட பிறகு அச்சொல் எதையும் தெரிவிப்பதில்லை. அழைத்தவர் ‘இது ஆஸ்பத்திரிங்களா?’ என்று கேட்க, நீங்கள் ‘ஆமாங்க’ என்று சொல்ல, பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு சுற்று வீணாகிறது. நிலையான வாழ்த்துரை நான்கு உறுப்புகளைக் கொண்டது: வணக்கம், மருத்துவமனையின் பெயர், பேசுபவரின் பெயர், பேச அழைக்கும் ஒரு சொல். ‘வணக்கங்க, (மருத்துவமனையின் பெயர்), வரவேற்புல இருந்து கவிதா பேசறேன், சொல்லுங்க’ என்பது போதும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அழைத்தவர் கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோகும் நொடியிலும், இணைப்பு திறக்கும் நொடியிலும் முதற்சொல் பெரும்பாலும் அரைகுறையாகவே கேட்கும். அந்த இடத்தில் இழந்தாலும் குறைவற்ற ‘வணக்கம்’ நின்றால், மருத்துவமனையின் பெயர் முழுமையாகக் காதில் விழும். பெயரைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பெயர் கேட்டவர் மீண்டும் அழைக்கும்போது ‘காலையில கவிதாங்கறவங்க சொன்னாங்க’ என்று தொடர முடிவதால், கதை முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டிய எரிச்சல் அவருக்கு இல்லாமற்போகிறது. சொந்தப் பெயரைத் தெரியாதவர்களிடம் சொல்லத் தயங்கும் பெண் பணியாளர் உங்களிடையே பலர் இருப்பர். அத்தயக்கம் நியாயமானது, அவர்களுக்கு மருத்துவமனையே ஒரு மேசைப் பெயரை, அதாவது பணிநேரத்தில் மட்டும் வழங்கும் பெயரைக் கொடுத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது போதுமான தீர்வு.

விளிக்கும் சொல்லில் ஓர் எச்சரிக்கை தேவை. ஊர்ப்புறத்து முதியவர் உங்களை ‘அம்மிணி’ என்றோ ‘கண்ணு’ என்றோ அழைப்பது இம்மண்ணின் வாஞ்சை, அதில் அவமதிப்பு இல்லை. ஆனால் குரலை வைத்து வயதைக் கணித்து அவரைப் ‘பாட்டி’ என்றோ ‘தாத்தா’ என்றோ நீங்கள் அழைப்பது பிழைபட இடமுடையது. ‘அம்மா’, ‘ஐயா’, ‘அண்ணா’ என்பவையும் வாக்கியத்தின் இறுதி ‘ங்க’வும் எவரையும் புண்படுத்துவதில்லை. பாலக்காட்டிலிருந்து மலையாளத்திலும் திருப்பூரிலிருந்து இந்தியிலும் பேசுபவர் வரும்போது, அம்மொழி தெரிந்த பணியாளரின் இன்டர்காம் எண் உங்கள் கண்முன் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், ‘தமிழ் தெரியுமா?’ என்ற கேள்வி தேவையற்றதாகிவிடும்.

அடுத்தது காத்திருக்க வைத்தல். வரவேற்பு மேசையின் சினங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ‘ஒரு நிமிஷங்க’ என்று சொல்லி, மறுமொழிக்குக் காத்திராமல் பொத்தானை அழுத்துவது முதற்பிழை. எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்லி, இசைவு பெற்ற பிறகே ஹோல்டில் வைக்க வேண்டும்: ‘டாக்டரோட லிஸ்ட்டைப் பார்த்துச் சொல்லணுங்க, ஒரு நிமிஷம் ஆகும், லைன்ல இருக்கீங்களா, இல்லை நான் திரும்பக் கூப்பிடட்டுங்களா?’ என்ற கேள்வியில் காரணம், கால அளவு, மாற்றுவழி ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. அரை நிமிடத்திற்கு ஒருமுறை இணைப்புக்குத் திரும்பி ‘இன்னும் பார்த்துட்டிருக்கேனுங்க’ என்று சொல்வது அவசியம். ஏனெனில் காத்திருப்பவருக்கு இணைப்பு அறுந்துவிட்டதா இல்லையா என்பது தெரியாது. ஹோல்டு பொத்தானுக்குப் பதிலாகப் பேசுகுழலைக் கையால் பொத்திக்கொண்டு அருகிலிருப்பவரிடம் பேசுவது இன்னும் தீங்கானது. பொத்திய கை ஒலியை மங்கச் செய்யுமே தவிர நிறுத்தாது. ‘அதே ஆளு மறுபடியும் கூப்பிடறான்’ என்ற சொல் மறுமுனையில் தெளிவாகக் கேட்டுவிடும். காத்திருப்பு நேரத்தில் ஒலிக்கும் பதிவைப் பற்றியும் நிர்வாகத்திடம் நீங்கள் பேச வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாயை வைத்திருப்பவரின் காதில் முழு உடல் பரிசோதனைச் சலுகை விளம்பரம் மீண்டும் மீண்டும் ஒலித்தால், பிறகு நீங்கள் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அது ஏறாது.

மூன்றாவது இணைப்பை மாற்றிக் கொடுத்தல். உங்கள் மேசையிலுள்ள இ.பி.ஏ.பி.எக்ஸ்., அதாவது வெளி இணைப்புகளை உள் எண்களோடு பொருத்தும் கருவி, இதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. உள் எண்ணை அழுத்தியவுடன் கைவிட்டுவிடுவது ஒருவழி; இதைக் கண்மூடி மாற்றுதல் எனலாம். உள் எண்ணில் ஒருவர் எடுக்கும்வரை காத்திருந்து, அழைப்பவர் யார், என்ன கேட்கிறார் என்று அவரிடம் சொல்லி, பிறகு இருவரையும் இணைத்துவிட்டு விலகுவது மற்றொரு வழி. இதைச் சொல்லி மாற்றுதல் எனலாம். முதல்வழிக்கு ஐந்து வினாடி போதும், இரண்டாவதற்கு அரை நிமிடமாவது வேண்டும். கூட்ட நேரத்தில் உங்கள் கை தானாக முதல்வழியை நாடுவது இயல்பே. ஆயினும் வார்டில் எவரும் எடுக்காமல் அறுந்த அழைப்பு மறைந்துபோவதில்லை. சற்று நேரத்தில் அது உங்களிடமே திரும்பி வருகிறது, அப்போது சினத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மிச்சப்பட்ட 25 வினாடியை அப்போது பல நிமிடங்களாகத் திருப்பிச் செலுத்த வேண்டியதாகிறது.

இவ்வாறு உருவாகும் கடினமான அழைப்பொன்றை முழுமையாகப் பின்தொடர்வது பயனுள்ளது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் தாய்க்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த மாலை என்று கொள்ளலாம். அவர் இரவு 8 மணிக்கு அழைக்கிறார். முதல்முறை ‘ஆர்த்தோ வார்டுங்களா, லைன் தர்றேனுங்க’ என்ற பதிலோடு மணி அடித்து அறுகிறது. இரண்டாம்முறை பில்லிங் பிரிவுக்குப் போகிறது. மூன்றாம்முறை ஹோல்டிலேயே நின்றுவிடுகிறது. நான்காம்முறை நீங்கள் எடுத்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் குரல் வெடிக்கிறது: ‘ஏனுங்க, எத்தனை வாட்டி கூப்புடறது? ஆளாளுக்கு லைனை மாத்தி விடறீங்க, எடுக்கறதுக்கு ஒருத்தரும் இல்லை. எங்கம்மா உசுரோட இருக்காங்களா இல்லையான்னாவது சொல்லுங்க!’

இங்கே கைவசம் வரும் மூன்று பதில்களும் நெருப்பை வளர்ப்பவை. ‘கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்’ என்பது அவருடைய துயரத்தை விட்டு அவருடைய நடத்தையைப் பேசுபொருளாக்குகிறது. ‘நாங்க ரிசப்ஷன் மட்டுந்தானுங்க’ என்பது உண்மையாயினும், அவர் பார்வையில் தொலைபேசியை எடுத்தவர் மருத்துவமனையே அன்றி ஒரு பிரிவு அன்று. ‘அதெல்லாம் நல்லா இருப்பாங்க, பயப்படாதீங்க’ என்பது மூன்றிலும் மோசமானது; ஏனெனில் நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள், அது பொய்யாகிப்போனால் அதை உங்களால் திரும்பப் பெற முடியாது.

செய்ய வேண்டியது வரிசைமுறையுடையது. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்க வேண்டும். ஆனால் முழு மௌனம் தொலைபேசியில் அலட்சியமாகவோ அறுந்த இணைப்பாகவோ தோன்றும் ஆதலால், இடையிடையே ‘சரிங்க’, ‘சொல்லுங்க’ என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு, நேர்ந்த தவற்றை அதன் விவரத்தோடு பெயரிட்டுச் சொல்ல வேண்டும்: ‘மூணு தடவை மாத்தியும் உங்களுக்கு யாரும் பதில் சொல்லலைங்க, அது தப்புங்க, மன்னிச்சுக்குங்க. இனி உங்களை வேற யாருக்கும் மாத்தி விட மாட்டேனுங்க. அம்மா பேரும் ஐ.பி. நம்பரும் சொல்லுங்க, வார்டு சிஸ்டர்கிட்ட நானே பேசிட்டு லைன் தர்றேன்.’ பொதுவாகச் சொல்லும் ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’ மனப்பாடமாக ஒலிக்கும்; ‘மூணு தடவை’ என்ற சொல்லோ கேட்கப்பட்டதற்குச் சான்றாகிறது. இந்த மன்னிப்பு இணைப்பு அறுந்ததற்கு மட்டுமே உரியது. சிகிச்சையில் தவறு நேர்ந்ததென்று அவர் கூறினால், அதைப் பற்றி ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ உங்களிடம் அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை.

பெயரையும் எண்ணையும் பெறும்போது திரும்பப் படித்துக்காட்டுவது கட்டாயம். வழக்கமான தொலைபேசி இணைப்பு மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்துவதால், மெல்லிய மெய்யொலிகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது. ‘பதினேழு’ என்றது ‘பதினெட்டு’ என்றும், ‘சாந்தி’ என்றது ‘காந்தி’ என்றும் எழுதப்பட இது ஒன்றே போதும். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துத் தனித்தனி இலக்கங்களாகச் சொன்னால் ஐயம் தீரும்.

இனி, நீங்கள் அழைத்தும் வார்டில் எவரும் எடுக்கவில்லை என்று கொள்வோம். செவிலியர் பணிமுறை மாறும் நேரத்தில் அது வழக்கம். பழைய பழக்கப்படி ‘கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க’ என்று சொன்னால் ஐந்தாவது அழைப்புக்கு நீங்களே வித்திடுகிறீர்கள். மாறாக, ‘வார்டுல டியூட்டி மாத்தற நேரங்க, இப்ப யாரும் எடுக்கலை. நான் சிஸ்டரைப் பிடிச்சு, ஒன்பது மணிக்குள்ள உங்களைக் கூப்பிடறேனுங்க’ என்று சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 8.55 ஆகியும் செய்தி கிடைக்கவில்லையானால், செய்தி இல்லை என்பதையே சொல்வதற்காக அழைக்க வேண்டும். அந்த அழைப்பே அவரைப் பொறுத்தவரை மருத்துவமனையின் நம்பகத்துக்கு அடையாளம். ஒன்பது மணிக்கு உங்கள் பணிநேரம் முடிகிறதெனில், குறிப்பு அடுத்து அமர்பவரின் கைக்குப் போக வேண்டும், மேசையடியில் கிடக்கக் கூடாது.

செவிலியர் கிடைத்தபின்பும் ஓர் எல்லை உண்டு. நோயாளியின் நிலையை நீங்கள் சொல்லக் கூடாது. மருத்துவரோ செவிலியரோ, அதுவும் பதிவில் உறவினராகக் குறிக்கப்பட்டவரிடமே சொல்ல வேண்டும். 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனம், தம்மைப் பற்றிய விவரங்கள் மறைவாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகக் கூறுகிறது. தொலைபேசியில் ‘நான் மாமா பையன்’ என்று சொல்பவர் யாரென்று அறிய உங்களிடம் வழியில்லை. மறுக்கும்போது ‘சொல்லக் கூடாதுங்க’ என்று நிறுத்தாமல், ‘அட்மிஷன்ல யாரு பேரு கொடுத்திருக்காங்களோ அவங்ககிட்ட டாக்டரே பேசுவாருங்க’ என்று வழியையும் காட்டினால், மறுப்பு அவமதிப்பாகத் தோன்றாது. இறப்புச் செய்தி எந்நிலையிலும் வரவேற்பு மேசையின் வாயிலிருந்து வரக் கூடாது.

இந்த முறைகள் அனைத்தும் ஓர் இடத்தில் நிறுத்திவைக்கப்பட வேண்டும். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு விட முடியவில்லை, பாம்பு கடித்துவிட்டது, பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்ற சொற்களில் ஒன்று காதில் விழுந்தால், ஹோல்டும் இல்லை, பில்லிங்கும் இல்லை. எங்கிருந்து பேசுகிறார், எந்த எண்ணில் திரும்ப அழைக்கலாம் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு, அவசரப் பிரிவுக்குச் சொல்லி மாற்ற வேண்டும். தொலைவில் இருப்பவரானால் 108-ஐ உடனே அழைக்கச் சொல்ல வேண்டும். என்ன கொடுக்கலாம், எதைக் குடிக்க வைக்கலாம் என்று கேட்டால் அதற்கு விடை அவசரப் பிரிவு மருத்துவரிடமிருந்தே வர வேண்டும்.

இறுதியாக, எவ்வளவு முறையாகப் பேசினாலும் தீராத அழைப்புகள் உண்டு. சினம் கொண்டவரையும் இழிவுபடுத்துபவரையும் பிரித்தறிவது உங்கள் பணியின் நுட்பமான பகுதி. முன்னவர் எவ்வளவு உரத்துக் கத்தினாலும் அவருடைய சொற்கள் ஒரு குறையைச் சுற்றியே வரும். அக்குறைக்கு வழி பிறந்ததும் குரல் தணியும். பின்னவருக்குக் குறை இல்லை. எடுத்தவர் பெண்ணென்று அறிந்ததும் பேச்சு அவர் உடலையோ வீட்டையோ நோக்கித் திரும்பும், ஆண் பணியாளர் எடுத்தால் இணைப்பே அறும். இத்தகையவரிடம் பொறுமை கடமை அன்று. ‘இப்படிப் பேசினீங்கன்னா லைனை வெச்சிருவேனுங்க’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லி, மீண்டும் தொடர்ந்தால் ‘வெச்சிடறேனுங்க’ என்று அறிவித்து வைத்துவிட வேண்டும். வைத்தவுடன் நேரம், எண், பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றை மாற்றாமல் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். வெட்கத்தால் சொற்களை மென்மையாக்கி எழுதினால் புகார் வலுவிழக்கும்.

இதில் நீங்கள் தனித்து நிற்கவேண்டியதில்லை என்பதைச் சட்டமே கூறுகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் பிறரிடமிருந்தும் பாதுகாப்பளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் புகார் அளிக்க விரும்பினால் உதவுவதையும் அதே பிரிவு கட்டாயமாக்குகிறது. மருத்துவமனையின் எண்ணுக்கு, பணிநேரத்தில், பணியின் வழியாகவே வந்து சேரும் அழைப்பாளரை இக்கடமைக்கு வெளியே நிறுத்த எந்த நியாயமும் இல்லை. ‘நம்பரை பிளாக் பண்ணிடும்மா, விடு’ என்ற அறிவுரை அக்கடமையின் நிறைவேற்றம் ஆகாது.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் நான்கே. நான்கு உறுப்பு வாழ்த்துரையை எல்லாப் பணிமுறையினரும் ஒரே வடிவில் சொல்லுங்கள். வார்டில் ஒருவர் எடுக்கும்வரை எந்த அழைப்பையும் கைவிடாதீர்கள். தெரியாததை ‘தெரியலைங்க, கேட்டுட்டு இத்தனை மணிக்குள்ள சொல்றேனுங்க’ என்று நேரத்தோடு சொல்லி, அந்நேரத்தைக் காப்பாற்றுங்கள். திரும்ப அழைக்கவேண்டியவற்றுக்கும் இழிசொல் அழைப்புகளுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள்.

அப்பதிவேட்டை ஒரு மாதம் நடத்திய பிறகு நிர்வாகத்தின் மேசைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த வார்டின் தொலைபேசி எந்த நேரத்தில் எடுக்கப்படுவதில்லை, மருத்துவரின் விடுப்பு எத்தனை மணி தாமதமாக உங்களுக்குச் சொல்லப்படுகிறது, காலை ஒன்பது முதல் பதினொன்று வரை இருவர் அமர வேண்டிய இடத்தில் ஒருவர் அமர்வதால் எத்தனை அழைப்புகள் தவறுகின்றன என்பவை அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். உங்கள் வாக்குறுதிகளில் பல பொய்யாவது உங்கள் நாக்கினால் அன்று, அந்தத் தாமதங்களாலேயே. அதை மெய்ப்பிக்கும் சான்று உங்கள் கையில் இருக்கும்போது, கூடுதல் ஆளையும் முன்னறிவிப்பையும் நீங்கள் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம். கேளுங்கள்.